பதினாலு துடுப்பும் இரண்டு வார்த்தையும்

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சனெல்மா படகில் இருந்த துடுப்புக்காரர்களை எண்ணினாள். பதினொன்று. முன்னாலிருந்து பின்னால் எண்ணினாள், பின்னாலிருந்து முன்னால் எண்ணினாள். எண்ணிக்கை அசையவில்லை.

துடுப்போ பதினாலு. ஏழு பலகை, பலகைக்கு இரண்டு பேர். ஒரு காலத்தில் ஊரே ஏறி உட்கார்ந்து ஏரியைத் தாண்டி ஞாயிறு ஆராதனைக்குப் போன நீளப் படகு அது. அதில் மூன்று துடுப்பு சும்மா கிடந்தால் ஒற்றைக்கால் வாத்து நொண்டுகிற மாதிரிதான் போகும்.

"கல்யாணம்னு வச்சிருக்காங்க பாரு, போட்டி அன்னிக்குப் பார்த்து!" என்று பொருமினான் பேக்கரிக்கார யோர்மா. வராத மூன்று பேரும் ஒரே குடும்பம். ரோவனியெமியில் தங்கச்சி கல்யாணம்.

"தங்கச்சியைத் தள்ளிப்போடச் சொல்ல முடியாதுல்ல," என்றாள் சனெல்மா.

"ஏன் முடியாது?" என்றார் தைஸ்தோ. மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்புக்கு ஆகாது என்று நம்புகிறவர். படகில் முதல் பலகை அவருடையது. அவர் துடுப்பு போடும் வேகம்தான் மற்றவர்களுக்குக் கணக்கு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரந்தசாரி தீவைச் சுற்றும் அறுபது கிலோமீட்டர் போட்டி. ஜெயிப்பதைப் பற்றி இந்த ஊரில் யாரும் கனவுகூடக் காண்பதில்லை. பத்து மணி நேரத்துக்குள், அதாவது மாலை ஆறுக்குள், சுற்றி முடித்தால் போதும். போன இரண்டு வருடமும் அதுவும் நடக்கவில்லை.

முந்தின வருடம் மூடுபனி. ஏரியின் தப்பான கிளையில் நுழைந்துவிட்டார்கள் என்பது, சுக்கான் பிடித்த சனெல்மாவோடு சேர்த்துப் பதினைந்து பேருக்கும் தெரியும். கரையில் ஒரு மீன்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் வழி கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஐந்து கிலோமீட்டர் பல்லைக் கடித்துத் துடுப்பு போட்டு ஒரு மாட்டுப் பண்ணையில் போய் முட்டினார்கள். போன வருடம் வெயில். முதலில் தண்ணீர் கேட்பது யார் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, நாற்பதாவது கிலோமீட்டரில் நாலு பேர் வரிசையாக மயங்கிச் சாய்ந்தார்கள்.

இந்த வசந்தத்தில் ஊர்ச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. மூன்றாவது வருடமும் முடிக்காவிட்டால் படகு பெட்ரோல் பங்க் வாசலுக்குப் போகும். மண்ணை நிரப்பிப் பூச்செடி வைப்பார்கள். தீர்மானத்தில் சங்கத் தலைவி என்று கையெழுத்துப் போட்டது சனெல்மாதான். அன்றிலிருந்து அந்தப் பங்க்கைக் கடக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவின் பிரசவ வலி தொடங்கியது அந்தப் படகில்தான். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சனெல்மாவும் அதிலேயே பிறந்திருப்பாள்.

"மன்னிக்கணும்," என்றது படகுத்துறையில் ஒரு குரல், டேனிஷில். "உங்களுக்கு ஆள் வேணுமா? எங்ககிட்ட கேக் இருக்கு."

மூன்று பேர். யோர்மாவின் ஏரிக்கரைக் குடிலை வாடகைக்கு எடுத்திருந்த டென்மார்க்காரர்கள். முன்னால் நின்றவர் ஃப்ளெமிங், ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார், வாய் ஓயாது. கேக் தட்டைப் பிடித்திருந்தவள் அவர் மனைவி பெனெடிக்ட. பின்னால் நின்ற மலை, பஸ் ஓட்டுநர் பால்லே. நூற்று முப்பது கிலோ இருப்பான். பூனைக்குட்டி மாதிரிச் சிரித்தான்.

டேனிஷ் தெரிந்தவள் ஊரிலேயே சனெல்மா ஒருத்திதான். ஓடென்ஸேயில் ஒரு பல் மருத்துவமனையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். அங்கே எல்லாமே ஒற்றை வார்த்தை. திற. கடி. துப்பு. வலிக்குதா. ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை கொடுத்தால் வேலை முடிந்தது என்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

தைஸ்தோ மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஸிஸு இருக்கான்னு கேளு."

ஸிஸு என்ற ஃபின்னிஷ் வார்த்தைக்கு என்ன போடுவது என்று சனெல்மா அரை வினாடி யோசித்தாள். டேனிஷில் தைரியத்துக்கு ஒரு வார்த்தை உண்டு. அதைப் போட்டுக் கேட்டாள்.

"தைரியமா? ஓ, மூட்டை மூட்டையா இருக்கு!" என்றார் ஃப்ளெமிங். "ஆனா ஒண்ணு. நடுநடுவுல ஹூகே இருக்கும்ல? அது இல்லாம எங்களால ஒரு நாளைத் தள்ள முடியாது."

"என்னவாம்?" என்றார் தைஸ்தோ.

ஃபின்னிஷில் எதைப் போடுவது? "சௌகரியம்," என்றாள் சனெல்மா.

பதினோரு ஃபின்லாந்துக்காரர்களும் கவலையாகத் தலையாட்டினார்கள். விருந்தாளிகளுக்குச் சௌகரியம் வேண்டுமாம்.

---

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் பதினோரு பேரும் தலையணையோடு வந்தார்கள்.

சனெல்மா கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். யோர்மா கொண்டுவந்தது ஊதாநிற வெல்வெட், ஓரத்தில் குஞ்சலம் வேறு. யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை. வந்தவர்களுக்கு மனம் கோணக்கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இந்தப் படகில் துடுப்பு போடும் சூட்சுமமே வழுக்குவதுதான். பலகையில் சோப்பு தேய்த்து, வழவழப்பான கால்சட்டை போட்டுக்கொண்டு, காலை உதைத்துப் பின்னால் சறுக்க வேண்டும். முதுகும் தொடையும் சேர்ந்து இழுக்கும். அந்த இடத்தில் தலையணை வைத்தால் என்ன ஆகும்?

முதல் இழுப்பில் தலையணைகள் ஒட்டிக்கொண்டன. இரண்டாவது இழுப்பில் தைஸ்தோ இன்னும் பலமாக உதைத்தார். தலையணை நின்ற இடத்தில் நின்றது. அவர் மட்டும் பின்பலகைக்குப் பறந்து யோர்மாவின் மடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சௌகரியமா இருக்கா, பெரியவரே?" என்றான் யோர்மா.

அந்த நேரம் பார்த்து மரக்கட்டைகளை இழுத்துக்கொண்டு ஒரு இழுவைப் படகு கடந்தது. பெரிய அலை. "நிறுத்துங்க! துடுப்பைத் தண்ணியில விடுங்க!" என்று சனெல்மா இரண்டு மொழியிலும் கத்தினாள். ஃபின்லாந்துக்காரர்கள் நிறுத்தினார்கள். டென்மார்க்காரர்கள்? நேற்றுத்தான் அவர்களிடம் தைரியம் கேட்டிருந்தார்களே!

"ஸிஸு!" என்று தைஸ்தோ வாயில் கேட்ட வார்த்தையை முழங்கினார் ஃப்ளெமிங். மூவரும் அலையை நோக்கி வெறியோடு இழுத்தார்கள். படகு பம்பரமாகத் திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டி, ஒரு குளியல் தொட்டி அளவு தண்ணீரை வாங்கிக்கொண்டது. பதினோரு தலையணைகளும் ஏரியில் மிதந்தன. வெல்வெட் மட்டும் ராஜா மாதிரி தனியாகப் போயிற்று.

கரைக்கு வந்ததும் தைஸ்தோ சட்டையைப் பிழிந்தார். "அது தைரியம் இல்ல. சொல்லு அவங்ககிட்ட."

"பின்ன என்னன்னு சொல்றது, தைஸ்தோ அண்ணே?"

அவர் வயிற்றில் இரண்டு தட்டு தட்டினார். "உள்ள இருக்கறது. அவ்வளவுதான்."

"குடலா?"

"கிட்டத்தட்ட."

பெனெடிக்ட தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "தலையணையெல்லாம் எதுக்குக் கொண்டுவந்தாங்க, பாவம்? தலையணை வச்சா ஹூகே வந்துடுமா? எங்க மாமியார் வீட்டுல இருபத்தேழு தலையணை இருக்கு. ஹூகே ஒரு சொட்டு கிடையாது."

சனெல்மா விடவில்லை. ஒரு வார்த்தை பொருந்தாவிட்டால் அடுத்தது. அன்று மாலை ஸிஸுவுக்கு "பிடிவாதம்" என்றும், ஹூகேவுக்கு "ஓய்வு" என்றும் மாற்றிக்கொடுத்தாள். இரண்டு பக்கமும் "ஆஹா, அதுவா!" என்றது. அந்த "ஆஹா"தான் அவளை ஏமாற்றியது.

---

சனிக்கிழமை. எட்டு மணி. துப்பாக்கி வெடித்தது. முப்பத்திரண்டு படகுகள் பாய்ந்தன.

"நிமிஷத்துக்கு இருபத்தெட்டு இழுப்பு!" என்றாள் சனெல்மா. சுக்கான் அவள் கையில். பதினாலு முகமும் அவளைப் பார்த்தபடி. நேற்று தைஸ்தோவுக்குப் பின்னால் இருந்த யோர்மா இன்று கடைசி ஏழாவது பலகையில், படகின் மூக்குப் பக்கம், பால்லேக்கு ஜோடி.

ஃப்ளெமிங் முப்பத்து நாலு போட்டார். அவர் துடுப்பு முன்னவர் துடுப்பில் மோதியது, பின்னவர் துடுப்பு அவர் முதுகில் மோதியது.

"குறைங்க, ஃப்ளெமிங்!"

"மாட்டேன்!"

"குறைக்கணும்!"

"பிடிவாதம்னு நீதானே சொன்ன, கேப்டனம்மா? ஸிஸு! ஸிஸு!"

அந்த வார்த்தையை அவர் கத்தும் ஒவ்வொரு தடவையும் பதினோரு ஃபின்லாந்துக்காரர்களின் காதும் சிவந்தது. தன்னிடம் ஸிஸு இருக்கிறது என்று தன் வாயால் சொல்லிக்கொள்கிற ஆளை இந்த ஊர் இதுவரை கண்டதில்லை. அதைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அதுவும் அந்த ஆள் இல்லாத இடத்தில்.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் சாப்பாட்டுத் தீவு. கரையை நெருங்கும்போது துடுப்பை உள்ளே இழுக்கச் சொன்னாள். பதின்மூன்று துடுப்பு உள்ளே வந்தது. பதினாலாவது, பிடிவாதமாக, இன்னும் ஒரு இழுப்பு போட்டது. படகின் மூக்கு பாறையில் 'தொம்' என்று இடித்து நின்றது.

"வந்துட்டோம்!" என்றார் ஃப்ளெமிங் பெருமையாக.

ஆளுக்கு ஒரு கிண்ணம் பட்டாணி சூப். குடித்து முடித்ததும் ஃபின்லாந்துக்காரர்கள் எழுந்தார்கள். விருந்தாளிகள் விரும்பும் ஓய்வை ஒழுங்காகக் கொடுப்பது என்று முடிவு. ஒருவருக்கொருவர் பத்து மீட்டர் இடைவெளி விட்டு, புல்லில் மல்லாந்து படுத்து, கையை மார்பில் கோத்து, வானத்தைப் பார்த்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. இதைவிடச் சுத்தமான ஓய்வு இந்த உலகத்தில் கிடையாது என்பது அவர்கள் எண்ணம்.

மூன்று டென்மார்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்கள். பெனெடிக்ட சனெல்மாவின் கையைப் பிடித்தாள்.

"நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

"இல்லையே. ஹூகே தர்றாங்க."

"இதுவா? அம்மாடி, இது நேர் எதிர்! ஆளில்லாத வீட்டுல மாடிப்படி தானா கிறீச்சிடுமே, அப்படி இருக்கு எனக்கு. அந்தப் பெரியவர் மூச்சு விடறாரா, பாரு!"

சனெல்மாவுக்குச் சட்டென்று உறைத்தது. சௌகரியத்துக்கு எதிர்ப்பதம் அசௌகரியம், ஓய்வுக்கு உழைப்பு. ஆனால் டேனிஷில் ஹூகேவைத் திருப்பிப் போட்டால் வருவது நடுமுதுகில் ஐஸ் ஊறுகிற பயம். ஓடென்ஸேயில் பேய்ப் படத்துக்குப் போய்வந்த தோழிகள் அந்த வார்த்தையைத்தான் சொல்வார்கள். அப்படியானால் ஹூகே என்பது பயமில்லாமல் இருப்பதா? யாரும் யாரையும் அளக்காத இடத்தில் இருப்பதா? இதை எப்படி ஒரு வார்த்தையில் சுருட்டுவது?

சுருட்டிப் பார்த்தாள். "கூடியிருத்தல்," என்றாள் தைஸ்தோவிடம். ஸிஸுவுக்குப் பதிலாக ஃப்ளெமிங்கிடம், "தாக்குப்பிடிப்பது," என்றாள்.

பலன் உடனே தெரிந்தது. தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் சக்தியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட டென்மார்க்காரர்கள் துடுப்பைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்தார்கள், தேநீரில் ரஸ்க் தொடுகிற மாதிரி. தைஸ்தோ தன் பங்குக்கு மணிக்கொரு தரம் கையைத் தூக்கினார். "கூடியிருப்போம். மூணு நிமிஷம்." நிறுத்து கடிகாரத்தை அமுக்கினார். பதினாலு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கூடியிருந்தார்கள். "முடிஞ்சுது," என்றார். கிளம்பினார்கள்.

முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. மணி மூன்றைத் தாண்டியது. படகு ஏனோ கனத்துக்கொண்டே போனது. சனெல்மா சுக்கானைத் திருப்பினால் எருமையைத் திருப்புவது போலத் திரும்பியது. காற்று இல்லை, அலை இல்லை. பின்னே ஏன்? அவளுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் போன படகுகள் ஒவ்வொன்றாக முன்னேறி மறைந்தன. அவள் கண்ணுக்குள் பெட்ரோல் பங்க் வாசல் வந்து நின்றது. படகுக்குள் மண். மண்ணில் வரிசையாகப் பெட்டூனியா.

நாற்பத்தெட்டாவது கிலோமீட்டரில், நாலு பத்துக்கு, வானம் கறுத்தது. இடி. மின்னல் அடித்தால் தண்ணீரில் இருக்கக்கூடாது என்பது போட்டி விதி. கடிகாரம் மட்டும் நிற்காது.

"அந்தப் பாறைத் தீவு! சீக்கிரம்!"

---

வீடு மாதிரி ஒன்றும் அங்கே இல்லை. ஒரு பாறை, நாலு பைன் மரம். பதினைந்து பேரும் ஒரே தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குந்தினார்கள். முழங்கால் முழங்காலில் இடித்தது. யாருடைய முழங்கை யாருடையது என்று தெரியவில்லை. மழை மேலே தவில் வாசித்தது.

யோர்மா கொண்டுவந்த இலவங்கப்பட்டை ரொட்டிப் பெட்டியில் தண்ணீர் புகுந்து எல்லாம் கூழ். ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. பால்லே அதை வாங்கி, அந்தத் தடித்த விரல்களால் பதினைந்தாகப் பிய்த்தான். ஒரு துணுக்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதைத் தான் எடுக்காமல் பக்கத்தில் தள்ளினான். பக்கத்தில் இருந்தவர் அடுத்தவருக்குத் தள்ளினார். அது ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி பால்லேயிடமே வந்தபோது பெனெடிக்டவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்," என்று ஆரம்பித்தான் யோர்மா. "மணி இப்ப நாலு இருபது. இப்படியே போனா..."

பெனெடிக்ட அவன் பேசியது புரியாமலே குரலைப் புரிந்துகொண்டாள். பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி அவன் கையில் திணித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு குடித்தான். போட்டிப் பேச்சு அதோடு போயிற்று. சனெல்மாவைக்கூட யாரும் கேப்டன் என்று பார்க்கவில்லை. அவள் மடியில் யாரோ ஈரத் தொப்பியைப் பிழிந்தார்கள்.

அப்போதுதான் அந்த அதிசயம். தைஸ்தோ தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு அந்துப்பூச்சின்னா பயம்."

யோர்மா காப்பி மூடியைக் கீழே வைத்தான்.

"என்னது?" என்றாள் சனெல்மா.

"ஒருதடவை லாரிக்குள்ள ஒண்ணு வந்துட்டுது. நாப்பது டன் மரம் பின்னால. நிறுத்திட்டு இறங்கிட்டேன். அது போற வரைக்கும் ஏற மாட்டேன்னு நின்னேன். அது போகல. வீட்டுக்கு நடந்துட்டேன். ஏழு கிலோமீட்டர்."

"லாரி?"

"மறுநாள் காலைல போய் எட்டிப் பார்த்தேன். இருந்துச்சு."

"லாரியா?"

"பூச்சி."

சனெல்மா அதை டேனிஷில் சொல்லி முடிப்பதற்குள் யோர்மா பாறையில் உருண்டுகொண்டிருந்தான். பால்லே சிரித்ததில் தார்ப்பாய் முழுக்கக் குலுங்கி, மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஃப்ளெமிங் கழுத்துக்குள் இறங்கியது. அவர் அலறிய அலறலுக்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு. மூச்சு வாங்கி எல்லாரும் ஓய்ந்தபோது பெனெடிக்ட பெருமூச்சு விட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "ஆ... என்ன ஹூகே!" "ஆமா, ஹூகே," என்றார் ஃப்ளெமிங். "ஹூகே," என்றான் பால்லே. சொல்லச் சொல்ல இன்னும் சூடேறுகிற மாதிரி ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

தைஸ்தோ சனெல்மாவின் பக்கம் சாய்ந்தார். "இதுவா அது?"

"இதுதான்."

"அப்ப தலையணை எதுக்கு?"

"தெரியாம சொல்லிட்டேன், அண்ணே."

"இதை ஏன் வாய்விட்டுச் சொல்றாங்க? போயிடாதா?"

"அவங்களுக்குச் சொன்னாத்தான் கூடும்போல."

"நம்ம ஸிஸு நேர் எதிர்," என்றார்.

நாலு நாற்பதுக்கு மழை விட்டது. துள்ளி எழுந்து படகுக்கு ஓடினார்கள். ஓடிய வேகத்தில் சனெல்மா முதல்முறையாகப் படகின் முன்மூக்குப் பக்கம் வந்து நின்றாள். நின்றவள் நின்றபடியே நின்றுவிட்டாள்.

ஏழாவது பலகைக்குக் கீழே முழங்கால் ஆழம் தண்ணீர். மழைத் தண்ணீர் இவ்வளவு வராது. பலகையின் அடியில், பாறையில் இடித்த இடத்தில், விரல் நுழைகிற ஓட்டை. முன்பக்கம் பால்லேயின் கனத்தில் தாழ்ந்திருந்ததால் வந்த தண்ணீரெல்லாம் அங்கேயே தேங்கிவிட்டது.

ஏழாவது பலகையில் இரண்டு பேர். இடப்பக்கம் யோர்மா. வலப்பக்கம் பால்லே.

"யோர்மா! இது எப்பலேர்ந்து?"

யோர்மா காலைப் பார்த்தான். "முப்பதாவது கிலோமீட்டர்லேர்ந்து."

"பதினெட்டு கிலோமீட்டரா தண்ணியில காலை வச்சுக்கிட்டு வந்தியா? ஏண்டா சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? கால் நனைஞ்சுபோச்சுன்னு குறை சொல்லவா? எல்லாரும் தாங்கிட்டு வர்றாங்க. நான் மட்டும்..."

சனெல்மா பால்லேயிடம் திரும்பினாள். "நீ? உனக்குத் தெரியாதா?"

பால்லேயின் முகம் தக்காளியாகியது. "தெரியும். முதல்ல இவனுக்கும் தெரியும்னு நினைச்சேன். அப்புறம்... அந்தப் பெரியவர் மணிக்கொரு தரம் கை தூக்கி, ஏதோ எல்லாரையும் சேர்த்து வைக்கப் பார்த்தார். அந்த நேரத்துல போய் ஓட்டைன்னு சொன்னா நல்லா இருக்குமா? கெடுக்க மனசு வரல."

சனெல்மா பாறையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அது பாதி வழியிலேயே சிரிப்பாக மாறியது, அப்புறம் நிற்கவே இல்லை. மூன்று நாளாக அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். ஸிஸு ஒரு பக்கம், ஹூகே ஒரு பக்கம், ஒரே பலகையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒரே ஓட்டைத் தண்ணீரில் காலை ஊறவைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தபடி பதினெட்டு கிலோமீட்டர் வந்திருக்கின்றன! தைரியமாம், ஓய்வாம்! எந்த அகராதியில் போட்டிருக்கிறது, இரண்டுக்கும் படகைக் கவிழ்க்கிற குணமும் உண்டென்று?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதலில் ஃபின்னிஷில், பிறகு டேனிஷில் சொன்னாள்.

"கேட்டுக்குங்க. இனிமே நான் ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்க மாட்டேன். ஒரே ஒரு சட்டம்தான். தண்ணி வந்தா சொல்லணும். கை எரிஞ்சா சொல்லணும். யாரும் தாங்க வேண்டாம், யாரும் அனுசரிக்கவும் வேண்டாம். புரிஞ்சுதா?"

"எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது," என்றார் தைஸ்தோ உடனே.

"மரத்துக்குப் பின்னால! ஓடுங்க!"

பதினாலு பேர் படகைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். தைஸ்தோ ஓடிவந்து கம்பளிக் காலுறை ஒன்றைக் கழற்றினார். யோர்மா அதில் ரொட்டிப் பெட்டியின் வெண்ணெயை அப்பினான். பால்லே அதை ஓட்டையில் திணித்துப் பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினான். ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது.

மணி நாலு நாற்பத்தைந்து. பன்னிரண்டு கிலோமீட்டர். எழுபத்தைந்து நிமிடம்.

---

படகு பறந்தது என்றால் மிகை. ஆனால் பாரம் இறங்கிய படகு, பின்னால் மழை விட்டுப்போன காற்று. முப்பது இழுப்பு. முப்பத்திரண்டு. ஃப்ளெமிங்கின் துடுப்பு முதல்முறையாகத் தைஸ்தோவின் துடுப்போடு சேர்ந்து விழுந்தது.

"கை எரியுது!" என்றாள் பெனெடிக்ட. சனெல்மா கையுறையை வீசினாள்.

"தண்ணி!" என்றான் யோர்மா. "குடிக்க! குடிக்கறதுக்குத்தான் கேட்டேன்!"

"முதுகு போச்சு," என்றார் யாரோ. "எனக்கும்," என்றார் இன்னொருவர். அந்தப் படகில் அவ்வளவு புலம்பல் அதுவரை கேட்டதில்லை. புலம்பப் புலம்ப வேகம் கூடியது.

ஐந்து முப்பது. இன்னும் நாலரை கிலோமீட்டர். இங்கே புலம்பல் நின்றது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தசையில் இருந்தது தீர்ந்துபோயிற்று. துடுப்புகள் தண்ணீரைத் தேடித் தடவின. ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு படகில் துடுப்பைப் போட்டுவிட்டுப் படுத்தே விட்டார்கள்.

சனெல்மா முகங்களைப் பார்த்தாள். மூன்றாவது பலகையில் ஃப்ளெமிங். காலையிலிருந்து "ஸிஸு, ஸிஸு" என்று தொண்டை கிழியக் கத்தியவர் அரை மணியாக வாயைத் திறக்கவில்லை. கண் மூடியிருந்தது. உதடு வெள்ளை. கைப்பிடியில் கோடாக ரத்தம். அந்த ஆளுக்குள் சக்தி என்று ஒரு குன்றிமணி இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. துடுப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்து? தைஸ்தோ வயிற்றைத் தட்டிக் காட்டினாரே, அங்கிருந்தா? எல்லாம் காலியான பிறகு அடியில் திறக்கும் ஏதோ ஒரு அறையிலிருந்தா?

"ஃப்ளெமிங், நிறுத்தணுமா? சட்டம் ஞாபகம் இருக்கா? சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தீர்ந்துபோச்சு," என்றார். அவ்வளவுதான். அடுத்த இழுப்பு போட்டார்.

தைஸ்தோ திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வரும் துடுப்பின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, சனெல்மாவின் காதில் விழுகிற அளவுக்கு முணுமுணுத்தார். "வாத்தியார்கிட்ட ஸிஸு இருக்கு."

ஃப்ளெமிங்குக்குத் தெரிந்த ஒரே ஃபின்னிஷ் வார்த்தை அது. ஒரு கண் திறந்தது. "என்ன... என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் சனெல்மா. "துடுப்பைப் போடுங்க."

ஐந்து நாற்பத்தெட்டு. முனை திரும்பியதும் படகுத்துறை தெரிந்தது, கொடிகள் தெரிந்தன, பெரிய கடிகாரம் தெரிந்தது. கரையில் ஊரே நின்றது. பங்க்காரர் வேனும் நின்றது. அளவெடுக்கும் நாடாவோடு வந்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

"பால்லே! காலுறை?"

"கசியுது!" என்று பால்லே அடிவயிற்றிலிருந்து கத்தினான். "குதிகாலால மிதிச்சுக்கிட்டிருக்கேன்! நல்லா இல்ல! கொஞ்சம்கூட நல்லா இல்ல!"

"சபாஷ்! மிதி!"

ஐந்து ஐம்பத்தைந்து. அறுநூறு மீட்டர். முன்னூறு. கரையில் யாரோ சமையல் பாத்திரத்தைத் தட்டினார்கள். ஐந்து ஐம்பத்தேழு. இருநூறு. சனெல்மாவுக்குச் சுக்கானைப் பிடித்த கை மரத்துவிட்டது. தான் என்ன மொழியில் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முடிவுக் கோட்டின் கொடிக்கயிறு தலைக்கு மேல் போயிற்று.

"ஒன்பது மணி நேரம், ஐம்பத்தெட்டு நிமிஷம், பதினேழு வினாடி!" என்றது ஒலிபெருக்கி.

பங்க்காரர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு கை தட்டினார். நல்ல மனுஷன்தான்.

படகு அதன் போக்கில் மிதந்தது. துடுப்பை விட யாருக்கும் விரல் விரியவில்லை. பெனெடிக்ட தன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம் தைஸ்தோவின் விரலைப் பிரித்துவிட்டாள். பின்பலகையிலிருந்து யாரோ பிளாஸ்க்கை நீட்டினார்கள். அடியில் நாலு மடக்கு இருந்தது. அது பலகை பலகையாகப் போயிற்று. யோர்மா தலையைப் பால்லேயின் தோளில் சாய்த்துவிட்டான். பால்லேயின் குதிகால் மட்டும் இன்னும் ஓட்டையிலேயே இருந்தது. தைஸ்தோ ஒற்றைக் காலுறையோடு காலை நீட்டினார்.

"இன்னொரு பூச்சிக் கதை இருக்கு," என்றார்.

"சனெல்மா படகு!" என்று ஒலிபெருக்கி கத்தியது. "முடிஞ்சுபோச்சு! இறங்குங்க! பின்னால படகு வருது, வழியை விடுங்க!"

ஒருவரும் அசையவில்லை. பதினாலு முகங்களும் சனெல்மாவைப் பார்த்தன. அவள் சுக்கானைப் படகுத்துறைக்கு எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்பினாள்.

"சொல்லுங்க, அண்ணே," என்றாள்.